பட்டம் திறமையை வளர்க்கிறதா, ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகிறதா?

அகிலன்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. நான் படித்தது வேதியியல். பார்ப்பது சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடல். எந்த வண்டி எங்கே போக வேண்டும், எது காலியாகத் திரும்பக் கூடாது, இதுதான் முழுநேர வேலை. நேர்காணலில் வேதியியலில் ஒரு கேள்விகூட வரவில்லை. ஆனால் விளம்பரத்தில் "ஏதேனும் ஒரு பட்டம் கட்டாயம்" என்று போட்டிருந்தார்கள். எந்தப் பாடமானாலும் சரி என்றால், அதில் கற்றது அவர்களுக்கு முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்?

இதற்குப் பொருளியலில் சமிக்ஞை என்று ஒரு விளக்கம் உண்டு என்று நண்பர் சொன்னார். பட்டம் என்பது நிறுவனத்துக்கு நாம் காட்டும் ஓர் அடையாளமாம். எனக்குப் புரியாதது இதுதான். படிப்பு எதையும் கற்றுத்தரவில்லை என்றால் அது எப்படித் திறமைக்குச் சாட்சி ஆகும்? அந்தக் காகிதத்துக்கு ஒரு நிறுவனம் ஏன் கூடுதல் சம்பளம் தர வேண்டும்?

---

நேர்வழி

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கல்லூரி என்பது விலை அதிகமான ஒரு புத்திக்கூர்மைத் தேர்வு. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியதை மூன்று நான்கு வருடம் இழுக்கிறார்கள். நிறுவனங்கள் ஒரு நல்ல தேர்வு வைத்து ஆள் எடுத்தால் கல்லூரிகளில் பாதியை மூடிவிடலாம்.

---

மீனா_பொருளியல்

அகிலன், உழைப்புச் சந்தைப் பொருளியல்தான் நான் நடத்தும் பாடம். உங்கள் கேள்விக்கு மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் ஒரு பதில் கொடுத்தார். 2001இல் அகெர்லாஃப், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம். எளிய கணக்குதான். எண்கள் மட்டும் நானாகப் போட்டுக்கொண்டது.

இரண்டு வகை ஆட்கள் என்று வைப்போம். கெட்டிக்காரர் ஒருவர் தன் வேலைக்காலம் முழுக்க நிறுவனத்துக்கு 200 அலகு ஈட்டித் தருவார். சுமாரானவர் 100 அலகு. தான் எந்த வகை என்று அவரவருக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. கல்லூரி யாருக்கும் ஒன்றுமே கற்றுத்தருவதில்லை என்றும் வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றே இப்படி எடுக்கிறோம், அப்போதுதான் சமிக்ஞையின் வேலை மட்டும் தனியாகத் தெரியும்.

ஒரு வருடப் படிப்பு கெட்டிக்காரருக்கு 20 அலகு சிரமம், சுமாரானவருக்கு 40. இந்தச் சிரமத்தில் கட்டணம், விட்டுப்போன சம்பளம், ராத்திரி விழித்தல், அரியர் எழுதுதல் எல்லாம் அடக்கம். இப்போது நிறுவனங்கள் மூன்று வருடப் பட்டம் இருந்தால் 200, இல்லாவிட்டால் 100 என்று சம்பளம் வைக்கின்றன.

சுமாரானவர் கணக்குப் போடுகிறார். படித்தால் 200, அதில் 120 சிரமம், மிச்சம் 80. படிக்காமலே 100 கிடைக்கும். ஆகவே அவர் போகமாட்டார். கெட்டிக்காரருக்குப் படித்தால் 200இல் 60 கழிந்து 140 நிற்கும். அவர் போவார். கடைசியில் பட்டம் வைத்திருப்பவர் எல்லாரும் கெட்டிக்காரர், இல்லாதவர் எல்லாரும் சுமாரானவர். நிறுவனம் நம்பியது அப்படியே நடக்கிறது. அதனால் அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ள அதற்குக் காரணமே வருவதில்லை.

கற்றுத்தராத ஒன்று எப்படிச் சாட்சி ஆகும் என்று கேட்டீர்கள். பொய் சொல்லி அதை வாங்குவது ஒருவருக்குக் கட்டுப்படியாகாது, உண்மையானவருக்குக் கட்டுப்படியாகும். அவ்வளவு இருந்தாலே சாட்சி ஆகிவிடும்.

---

அகிலன்

இப்போது தெளிவாகிறது. அப்படியானால் அந்த மூன்று வருடம் என்பது எங்கிருந்து வந்தது? இரண்டு வருடம் போதாதா?

---

மீனா_பொருளியல்

போதாது. இரண்டு வருடம் என்றால் சுமாரானவருக்கும் 200இல் 80 போக 120 நிற்கும், அது 100ஐ விட மேல். அவர்களும் உள்ளே வர ஆரம்பிப்பார்கள். பிறகு அந்தப் பட்டத்துக்கு 200 கொடுத்தால் நிறுவனத்துக்கு நஷ்டம். ஐந்து வருடம் என்றால் கெட்டிக்காரருக்கே 100தான் மிஞ்சும், அவருக்கும் போகக் காரணம் இல்லை. இந்த எண்களுக்கு மூன்றும் பிரிக்கும், நான்கும் பிரிக்கும். நான்கு என்று நிலைத்துவிட்டால் கெட்டிக்காரர் கையில் மிஞ்சுவது 120ஆகக் குறையும். அந்த நாலாவது வருடத்தால் யாருக்கும் லாபம் இல்லை. ஆனாலும் அந்த நிலை தானாகக் கலையாது.

இன்னொன்று. கெட்டிக்காரர் பாதி, சுமாரானவர் பாதி என்று வையுங்கள். பட்டம் என்ற ஒன்றே இல்லாத உலகில் நிறுவனம் எல்லாருக்கும் சராசரியாக 150 கொடுக்கும். பட்டம் வந்த பிறகு கெட்டிக்காரருக்கு 140, சுமாரானவருக்கு 100. இரண்டு பேருக்கும் நஷ்டம்! ஆனால் ஒரு கெட்டிக்காரர் மட்டும் தனியாக "நான் படிக்கமாட்டேன்" என்று நின்றால் அவருக்கு 150 கிடைக்காது. 100தான் கிடைக்கும், ஏனென்றால் பட்டம் இல்லாதவர் சுமாரானவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். யாராலும் தனியாக இறங்க முடியாத வண்டி அது.

கெட்டிக்காரர் ஐந்தில் ஒருவர் மட்டுமே என்றால் கதை வேறு. சராசரி 120தான். பட்டம் வாங்கினால் 140 என்பதால் அவருக்கு லாபம், மற்றவர்களுக்கு நஷ்டம்.

---

நேர்வழி

நான் சொன்னதும் இதுவேதானே! எல்லாருக்கும் நஷ்டம் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஒரு மணி நேரத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் முதல் நிறுவனத்துக்குக் கொள்ளை லாபம். 140க்கும் 200க்கும் நடுவில் ஒரு தொகை கொடுத்துக் கெட்டிக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகலாம். ஏன் ஒருவரும் செய்யவில்லை?

---

ஆளெடுப்பு_அனுபவம்

நான் ஆள் எடுக்கும் வேலையில் ரொம்ப காலம் இருந்தவள், இதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். தேர்வு வைக்காமல் இல்லை, நிறையவே வைக்கிறோம். ஆனால் பெரும்பாலும் பட்டம் என்ற வடிகட்டியில் வடித்த பிறகுதான் வைக்கிறோம்.

ஒரு மணி நேரத் தேர்வில் அந்த ஒரு மணி நேரத்து மூளை தெரியும். எனக்கு வேண்டியது வேறு. பிடிக்காத பாடத்தையும் முடிப்பாரா, நாலு மாதம் கழித்து வரும் கெடு தேதியை ஞாபகம் வைப்பாரா, மேலே இருப்பவர் சொல்வதில் அர்த்தம் தெரியாவிட்டாலும் ஒரு அளவுக்கு ஒத்துப்போவாரா. இதையெல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்துச் சோதிக்க முடியாது. "நீங்கள் விடாமுயற்சி உள்ளவரா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம், வெளியே யாரும் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பட்டம் இல்லாத ஒருவரை எடுத்து அவர் சரிப்பட்டு வராவிட்டால் "யார் இவரை எடுத்தது?" என்று கேட்பார்கள். பட்டம் உள்ளவர் சரிப்படாவிட்டால் அவருடைய குறை. அது என் தலையைக் காத்துக்கொள்ளவும் உதவுகிறது. எந்தப் பொருளியல் கணக்கிலும் இதை நான் பார்த்ததில்லை.

---

மீனா_பொருளியல்

கடைசியாகச் சொன்னது ரொம்ப உண்மை. நேர்வழிக்கு நான் சேர்ப்பது ஒன்று. எல்லாரும் கல்லூரிக்குப் போகும் காலத்தில் நல்ல மூளையும் இருந்து போகாமல் இருப்பவர் என்றால், நிறுவனம் உடனே "ஏன் போகவில்லை?" என்று யோசிக்கும். உங்கள் தேர்வை எழுத வரும் பட்டமில்லாதவர்கள் மூளையில் குறைந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பொறுமையில் குறைந்தவர்கள் என்ற சந்தேகம் போதும். அது நியாயமான சந்தேகமா என்பது வேறு விஷயம்.

---

சரிபார்ப்பு

போலிச் சான்றிதழ் பிரச்சினைக்குத் தீர்வு வேண்டும் என்றால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் பட்டத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். எண்ணைத் தட்டினால் உண்மையா பொய்யா என்று வந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு பேசினாலும் வீண்.

---

ஆளெடுப்பு_அனுபவம்

சரிபார்ப்பு, இங்கே பேசுவது உண்மையான பட்டத்தைப் பற்றித்தான். ஆனாலும் உங்கள் கருத்துக்கு இங்கே இடம் இருக்கிறது. போலியை மலிவாக வாங்க முடிந்தால், மேலே மீனா போட்ட கணக்கில் சுமாரானவரின் 120 சிரமம் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நாளே பட்டம் எதையும் காட்டாமல் போய்விடும்.

---

பிழைதேடி

என் நிலைமையைச் சொல்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். மென்பொருள் சோதனை வேலையில் பல வருடமாக இருக்கிறேன். முதல் வேலை கிடைக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. இப்போதைய இடத்தில் யாரும் பட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் வேறு நிறுவனத்துக்குப் போட்டால் சில இடங்களில் விண்ணப்பப் படிவமே தாண்டவிடுவதில்லை. இனிமேல் தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டம் வாங்கினால் பிரயோசனம் உண்டா?

---

மீனா_பொருளியல்

உங்கள் அனுபவத்தைத்தான் ஆல்டோன்ஜி, பியரெட் இருவரும் 2001இல் அமெரிக்கத் தரவில் அளந்தார்கள். அந்தத் தரவில் இளைஞர்கள் எழுதிய ராணுவத் தகுதித் தேர்வின் மதிப்பெண் இருந்தது. ஆய்வாளர்களுக்கு அது தெரியும், வேலை கொடுத்தவர்களுக்குப் பொதுவாகத் தெரியாது. வேலைக்குச் சேரும்போது சம்பளம் பெரும்பாலும் படித்த வருடங்களைப் பொறுத்தே இருந்தது, அந்த மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கில்லை. அனுபவம் ஏற ஏறப் படிப்பின் பங்கு குறைந்தது, மறைந்திருந்த மதிப்பெண்ணின் பங்கு கூடியது. வேலை கொடுத்தவர்கள் ஆளைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள் என்றுதான் அதைப் படிக்க முடியும். ஃபாபியன் லாங்கே 2007இல் போட்ட கணக்கில், தொடக்கத்தில் ஒருவரைப் பற்றி இருந்த தப்பான மதிப்பீட்டில் பாதி சுமார் மூன்று வருடத்தில் சரியாகிவிடுகிறது.

ஆகவே உங்களை நேரில் தெரிந்த இடத்தில் பட்டத்துக்கு இனி பெரிய மதிப்பில்லை. தெரியாத இடத்தின் வாசலில் இருக்கிறது. தொலைதூரப் பட்டம் படிவத்தைத் தாண்ட உதவலாம். ஆனால் விட்ட படிப்பைப் பல வருடம் கழித்து முடித்தது நேரத்தில் முடித்தது போலவே பார்க்கப்படும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்களோடு வேலை பார்த்து வேறு நிறுவனத்துக்குப் போனவர்கள் இருந்தால், அவர்கள் வழியாகப் போனால் அந்தப் படிவத்தையே சுற்றிப்போகலாம்.

---

இரவுப்பணி

இவ்வளவு பேரும் பட்டம் ஒன்றும் கற்றுத்தரவில்லை என்று ஏற்றுக்கொண்டு பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நான் செவிலியர். மருந்தின் அளவைக் கணக்கிடுவது, ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் முதலில் எதைப் பார்ப்பது, எல்லாம் படிப்பில் கற்றதுதான். நாளை ஆஸ்பத்திரியில் படுத்தால் "திறமை இருப்பதாக அடையாளம் காட்டிய" செவிலியர் வேண்டுமா, ஊசி போடக் கற்றவர் வேண்டுமா?

---

மீனா_பொருளியல்

கற்றவர்தான் வேண்டும்! கற்றுத்தருவதில்லை என்பது நான் கணக்குக்காக எடுத்தது, உலகம் அப்படி என்று சொல்லவில்லை. உங்கள் படிப்பில் கற்றதுக்கும் செய்யும் வேலைக்கும் தூரம் குறைவு. அகிலனின் வேதியியலுக்கும் வண்டித் திட்டமிடலுக்கும் தூரம் அதிகம். சமிக்ஞையைத் தேட வேண்டியது அகிலன் மாதிரி இடங்களில்தான்.

அதிலும் கவனம் வேண்டும். கொலம்பியாவில் லாஸ் ஆண்டெஸ் பல்கலைக்கழகம் 2006இல் பொருளியல் பட்டத்துக்கான பாடங்களை 20 சதவீதமும், வணிக நிர்வாகப் பட்டத்துக்கானதை 14 சதவீதமும் குறைத்தது. பட்டத்தின் பெயர் அதே, கல்லூரி அதே, சேரும் மாணவர்களின் தரமும் மாறவில்லை. சமிக்ஞை மட்டும்தான் என்றால் சம்பளம் அசையக் கூடாது. ஆனால் கரோலினா ஆர்டியாகா பார்த்தபோது பொருளியல் பட்டதாரிகளின் சம்பளம் ஏறக்குறைய 16 சதவீதமும், வணிகப் பட்டதாரிகளுடையது 13 சதவீதமும் குறைந்திருந்தது. பாடத்தைக் குறைத்ததால் ஏதோ ஒன்று உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

---

நேர்வழி

ஒரே ஒரு பல்கலைக்கழகம். அதை வைத்து முடிவு கட்ட முடியுமா? கடைசி வருடத்தை முடித்தவருக்கு முந்தைய வருடங்களை விடப் பெரிய சம்பள ஏற்றம் என்று நானும் படித்திருக்கிறேன். கடைசி வருடத்தில் மட்டும் நாலு மடங்கு கற்றுத்தருகிறார்களா? இல்லையே. காகிதத்துக்குத்தான் காசு.

---

மீனா_பொருளியல்

கடைசி வருடத்து ஏற்றம் பல ஆய்வுகளில் வந்த ஒன்றுதான். ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு அதில் நிரூபணம் இல்லை. முடித்தவரும் கடைசியில் விட்டவரும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். உடல்நலம், வீட்டுப் பிரச்சினை, ஈடுபாடு இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். அந்த வித்தியாசத்தை வேலை கொடுப்பவர் நேரிலேயே பார்த்திருக்கலாம். காகிதத்தின் விலை தெரிய வேண்டுமென்றால், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் இருவரில் ஒருவர் கையில் மட்டும் அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

அப்படி அமைந்த இரண்டு ஆய்வுகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் எழுதும் ஜி.இ.டி. என்ற தேர்வு உண்டு. தேர்ச்சி மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது. அதனால் ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் ஒருவர் சான்றிதழ் வாங்குவார், பக்கத்து மாநிலத்தில் இருப்பவர் வாங்கமாட்டார். டைலர், மர்னேன், வில்லெட் மூவரும் 2000இல் பார்த்ததில், வெள்ளை இளைஞர்களில் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு வருமானம் 10 முதல் 19 சதவீதம் வரை கூடியிருந்தது. சிறுபான்மை இளைஞர்களிடம் அப்படி ஏற்றம் தெரியவில்லை.

இரண்டாவது, டெக்சாஸில் பள்ளி இறுதித் தேர்வைக் கடைசி வாய்ப்பில் எழுதியவர்கள் பற்றி. மயிரிழையில் தேறியவருக்கு டிப்ளமோ என்ற பள்ளி முடித்த சான்றிதழ் கிடைக்கும், மயிரிழையில் தவறியவருக்குக் கிடைக்காது, இருவரும் பள்ளியில் படித்த காலம் ஒன்றுதான். கிளார்க், மார்டொரெல் 2014இல் கண்டது, இருவரின் சம்பளத்திலும் குறிப்பிடும்படி வித்தியாசமே இல்லை. காகிதம் மட்டும் தனியாக எதையும் கொண்டுவரவில்லை.

---

இரவுப்பணி

முதலாவதில் ஏன் வெள்ளை இளைஞர்களுக்கு மட்டும்?

---

மீனா_பொருளியல்

திருப்தியான பதில் யாரிடமும் இல்லை. மற்றவர்களில் சிலர் சிறையில் இருந்தபடி அந்தத் தேர்வை எழுதியிருக்கலாம், அதனால் சான்றிதழே வேறு செய்தி சொல்லியிருக்கலாம் என்று ஒரு ஊகம். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை.

---

ஆளெடுப்பு_அனுபவம்

டெக்சாஸ் முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை. பள்ளி டிப்ளமோ போதும் என்ற வேலைகளில் நாங்கள் அதை எடுத்துக் காட்டச் சொன்னதே அபூர்வம். பள்ளி முடித்தீர்களா என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பட்ட விஷயத்தில் மூலச் சான்றிதழைப் பார்க்காமல் விடமாட்டோம். பள்ளியில் வந்த முடிவை அப்படியே கல்லூரிக்கு நீட்ட முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

---

அகிலன்

ஒரு சந்தேகம். எல்லாக் கணக்கும் படிப்பின் சிரமம் திறமையைப் பொறுத்தது என்பதில் நிற்கிறது. பணமில்லாத கெட்டிக்காரருக்குச் சிரமம் 20 இல்லை, 50 ஆக இருக்கலாமே?

---

மீனா_பொருளியல்

அதுதான் இந்தக் கணக்கின் பலவீனமான இடம். 50 என்றால் மூன்று வருடத்துக்கு 150, மிஞ்சுவது 50. அவர் போகமாட்டார், சந்தை அவரைச் சுமாரானவர் என்று எடுத்துக்கொள்ளும். வசதியான சுமாரானவருக்குச் சிரமம் 30 என்றால் 110 மிஞ்சும், அவர் போய்விடுவார். பட்டம் பாதி திறமையையும் பாதி வீட்டுப் பணத்தையும் காட்ட ஆரம்பிக்கும்.

---

அகிலன்

அப்படியானால் கட்டணத்தைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடாதா?

---

மீனா_பொருளியல்

பணமில்லாதவருக்கு மட்டும் குறைத்தால் ஆமாம், சமிக்ஞை திருந்தும். எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறைத்தால் என்ன ஆகிறது பாருங்கள். வருடச் சிரமம் 20, 40 என்பது 15, 30 ஆகிறது. இப்போது மூன்று வருடப் பட்டம் சுமாரானவருக்கும் கட்டுப்படியாகும், 200இல் 90 போக 110. பழைய பட்டம் பிரிக்கவில்லை. நிறுவனங்கள் நான்கு வருடம் கேட்க ஆரம்பிக்கும். கெட்டிக்காரருக்கு நாலு பதினைந்து அறுபது, கையில் 140. முன்பு மூன்று இருபது அறுபது, அதே 140. மலிவாக்கியது முழுவதையும் கூடுதலாக ஒரு வருடம் தின்றுவிட்டது.

---

இரவுப்பணி

ஆனால் அந்த நாலாவது வருடத்தில் எங்கள் மாதிரிப் படிப்பில் கூடுதலாக ஒரு வருடம் வார்டில் நின்று கற்பார்கள். அதை எங்கே எழுதினீர்கள்?

---

மீனா_பொருளியல்

எழுதவில்லை. அந்த வருடம் ஒவ்வொருவரின் 200, 100ஐயும் எவ்வளவு கூட்டுகிறது என்று தெரிந்தால் எழுதலாம். அது துறைக்குத் துறை மாறும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 240, 120 என்று ஆகும், அப்போது நாலாவது வருடம் வீண் என்று சொல்ல முடியாது. கூட்டவே இல்லை என்றால் மேலே போட்டதுதான்.

---

நேர்வழி

அப்படியென்றால் அகிலனின் வேதியியல் எவ்வளவு கூட்டியது?

---

அகிலன்

அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வகத்தில் ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு குறித்து வைக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான், இப்போது வண்டிப் பதிவேட்டிலும் அதையே செய்கிறேன். ஆனால் என் பக்கத்து இருக்கைக்காரர் வரலாறு படித்தவர், என்னைவிட நன்றாகத் திட்டம் போடுகிறார்.